சட்ட வாக்கியத்தில் வரிசை கட்டி நிற்கும் ‘இன்’களைப் பொருள் கெடாமல் பிரிப்பது எப்படி?

கேள்வி: ஒரு சேவை ஒப்பந்தத்தை எளிய தமிழில் திருத்தி எழுதும் வேலை வந்திருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் “இன்… இன்… இன்…” என்று ஐந்தாறு, நடுவில் நான்கைந்து பெயர்ச்சொற்கள் ஒட்டி நிற்கின்றன. பிரித்து எழுதினால் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் சட்டப் பொருள் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

பதில்:

உங்கள் பயம் நியாயமானது. இந்த வாக்கியங்களில் உண்மையிலேயே ஆபத்தான இடம் நீளம் அல்ல. வினைச்சொல்லாக இருக்க வேண்டியதைப் பெயர்ச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கேதான் இருக்கிறது. “செலுத்தினார்” என்று எழுதினால் யார் என்று சொல்லியாக வேண்டும், காலம் தெரிந்துவிடும், செய்தாரா செய்யவில்லையா என்பதும் தெரிந்துவிடும். “செலுத்துதல்” என்று எழுதிவிட்டால் இந்த மூன்றும் காணாமல் போய்விடும். அதைத் திரும்ப வினையாக்கும்போது அந்த மூன்றையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது, நிரப்பும் இடத்தில்தான் பொருள் மாறுகிறது. ஆகவே ‘இன்’களைக் குறைப்பது பெரிய வேலை இல்லை, நிரப்புகிற விஷயம் மூலத்தில் இருக்கிறதா அல்லது உங்கள் ஊகமா என்று பார்ப்பதுதான் வேலை.

பேசிக்கொண்டே போவதைவிட ஒரு வாக்கியத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். நான் எழுதிய மாதிரிதான், ஆனால் இந்த ரகத்தை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்:

“சேவை வழங்குநரின் சேவை நிறுத்தத்தின் அறிவிப்பின் பெறுதலின் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் வாடிக்கையாளரின் நிலுவைத் தொகைச் செலுத்தல் தவறுகையின் பட்சத்தில் பாதுகாப்பு வைப்புத் தொகையின் பறிமுதலின் உரிமையின் பயன்பாடு வழங்குநரின் விருப்புரிமையின் பாற்பட்டது.”

முதலில் இதைப் பின்னாலிருந்து படியுங்கள். தமிழில் தலைச்சொல் கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் நிற்பவை எல்லாம் அதை விவரிப்பவை. முன்னாலிருந்து படிக்கிறவர் எது முக்கியம் என்று தெரியாமலே எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு கடைசிவரை போக வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து வந்தால் சட்டென்று பிடிபடும்: வழங்குநரின் விருப்பம். எது அவர் விருப்பம்? ஓர் உரிமையைப் பயன்படுத்துவது. என்ன உரிமை? பறிமுதல் செய்வது. எதை? வைப்புத் தொகையை. எப்போது? வாடிக்கையாளர் செலுத்தத் தவறும்போது. எதற்குள் செலுத்த? 15 நாட்களுக்குள். எப்போதிலிருந்து? ஓர் அறிவிப்பைப் பெற்றதிலிருந்து. இந்தக் கேள்வி வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திருத்தி எழுதிய பிறகு சரிபார்க்க இதே தாள் வேண்டியிருக்கும்.

அடுத்தது, உள்ளே ஒளிந்திருக்கும் வினைகளைப் பொறுக்கி எடுப்பது. நிறுத்தம், அறிவிப்பு, பெறுதல், செலுத்தல், தவறுகை, பறிமுதல், பயன்பாடு. ஏழு. ஒவ்வொன்றுக்கும் யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவதிலேயே முட்டிக்கொள்வீர்கள்.

“சேவை வழங்குநரின் சேவை நிறுத்தத்தின் அறிவிப்பு.” அறிவிப்பைக் கொடுப்பது யார்? “வழங்குநரின்” என்பது “நிறுத்த”த்தோடு போகிறதா, “அறிவிப்”போடு போகிறதா, “சேவை”யோடு போகிறதா? வழங்குநர் சேவையை நிறுத்தப்போவதாக வாடிக்கையாளருக்குச் சொல்லும் அறிவிப்பு என்று ஒருவர் படிப்பார். வழங்குநர் தரும் சேவை இனி வேண்டாம் என்று வாடிக்கையாளர் கொடுக்கும் அறிவிப்பு என்று இன்னொருவர் படிப்பார். இரண்டுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. முதல் வாசிப்பில் 15 நாள் கணக்கு வாடிக்கையாளர் கையில் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது, இரண்டாவதில் வழங்குநருக்குக் கிடைத்த நாளிலிருந்து. தன் வைப்புத் தொகை எந்த நாளில் ஆபத்துக்குள்ளாகிறது என்பதே ஒருவருக்குத் தெரியாமல் போகும்.

‘இன்’ என்ற உருபின் குணம் இது. அது இரண்டு சொற்களுக்கு நடுவில் ஏதோ ஓர் உறவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், என்ன உறவு என்று சொல்லாது. “வாடிக்கையாளரின் இழப்பீடு” என்றால் வாடிக்கையாளர் தர வேண்டியதா, அவருக்கு வர வேண்டியதா? “நிறுவனத்தின் கடன்” என்றால் நிறுவனம் வாங்கியதா, கொடுத்ததா? பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும், ஒப்பந்தத்தில் சண்டை வரும் நேரத்தில் சூழலே சண்டைக்குரியதாக இருக்கும். அதனால் ‘இன்’ வரும் இடத்தில் எல்லாம் அதைத் தூக்கிவிட்டு “கொடுக்கும்”, “பெறும்”, “க்கு எதிரான”, “க்குச் சேர வேண்டிய” போன்ற ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று மட்டும் பொருந்தினால் கவலையில்லை, அதையே எழுதலாம். இரண்டு பொருந்தினால் நிறுத்துங்கள். அது நீங்கள் தீர்த்து வைக்கும் விஷயம் அல்ல, ஒப்பந்தம் போட்டவர்களிடம் கேட்க வேண்டிய விஷயம். அப்படிக் கேட்கும் முன் ஒப்பந்தத்தின் மற்றப் பிரிவுகளைப் பாருங்கள், பெரும்பாலும் “அறிவிப்புகள்” என்று தனியாக ஒரு பிரிவு இருக்கும், பதில் அங்கேயே கிடைத்துவிடலாம். நம் மாதிரியில் அந்தப் பிரிவு “நிறுத்த அறிவிப்பை வழங்குநர் கொடுப்பார்” என்று சொல்வதாக வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

“நிலுவைத் தொகைச் செலுத்தல் தவறுகையின் பட்சத்தில்.” இது சுலபமாகத் தெரியும்: நிலுவைத் தொகையைச் செலுத்தத் தவறினால். சரிதான். ஆனால் இந்த இடத்தில் கை தானாக ஒரு சொல்லைச் சேர்த்துவிடும், “நிலுவைத் தொகை முழுவதையும்” என்று. தெளிவாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். மூலத்தில் “முழுவதையும்” இல்லை. பாதியைக் கட்டிய வாடிக்கையாளர் “செலுத்தத் தவறியவரா” என்பது மூலத்தில் வாதத்துக்கு இடமுள்ள கேள்வி, நீங்கள் ஒரு சொல்லில் அதை அவருக்கு எதிராக முடித்துவிட்டீர்கள். சேர்க்க வேண்டுமென்றால் குறிப்பு எழுதிக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இப்போது கடைசிப் பகுதி. “பறிமுதலின் உரிமையின் பயன்பாடு வழங்குநரின் விருப்புரிமையின் பாற்பட்டது.” இவ்வளவும் சேர்ந்து சொல்வது “வழங்குநர் தன் விருப்பப்படி பறிமுதல் செய்யலாம்” என்பதுதான். இங்கே மூன்று தவறுகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். “பறிமுதல் செய்வார்” என்று எழுதுவது ஒன்று, இதில் விருப்பம் போய்விட்டது. “தொகை பறிமுதலாகும்” என்று எழுதுவது இன்னொன்று, இதில் வழங்குநர் எதுவும் செய்யாமலே 16ஆவது நாள் காலையில் பணம் போய்விடுகிறது, மூலத்திலோ அவர் முடிவெடுத்துச் செய்ய வேண்டும். மூன்றாவது, “பறிமுதல்” கடுமையாக இருக்கிறதென்று “கழித்துக்கொள்ளலாம்” என்று மென்மையாக்குவது. அது வேறு செயல். கழித்துக்கொள்வது என்றால் பாக்கி எவ்வளவோ அவ்வளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், பறிமுதல் அப்படியல்ல. அந்தப் பறிமுதல் சட்டப்படி செல்லுமா என்பது தனிக் கேள்வி, அது எளிய நடைக்காரரின் மேசைக்கு வரக்கூடாது.

இதுவரை செய்ததைச் சேர்த்து என் முதல் வரைவை எழுதினேன்:

“சேவையை நிறுத்துவது பற்றி வழங்குநர் கொடுக்கும் அறிவிப்பைப் பெற்ற தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் வாடிக்கையாளர் நிலுவைத் தொகையைச் செலுத்த வேண்டும். செலுத்தத் தவறினால், வழங்குநர் தன் விருப்பப்படி பாதுகாப்பு வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்யலாம்.”

படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். இரண்டு சின்ன வாக்கியங்கள், யார் என்ன செய்ய வேண்டும் என்று பளிச்சென்று தெரிகிறது. ஆனால் இது தவறு, இந்தத் தவறைத்தான் அனுபவமுள்ளவர்களும் செய்கிறார்கள். “செலுத்த வேண்டும்” என்று ஒரு கடமையை நான் உருவாக்கிவிட்டேன். மூலத்தில் அப்படி ஒரு கடமை இல்லை, “தவறினால்” என்ற நிபந்தனை மட்டும்தான் இருக்கிறது. கடமைக்கும் நிபந்தனைக்கும் வித்தியாசம் பெரியது. நிபந்தனை நிறைவேறினால் அந்த வாக்கியம் சொல்லும் விளைவு வரும், இங்கே பறிமுதல். கடமையை மீறினாலோ அது ஒப்பந்த மீறல், அதற்காக இழப்பீடு கேட்டு வழக்குப் போடவும் வழி திறக்கலாம். பணத்தைச் செலுத்தும் கடமை வேறொரு பிரிவில், ஒருவேளை 30 நாள் தவணையோடு இருக்கலாம், அப்போது என் அழகான வரைவு அந்தப் பிரிவோடு மோதும்.

ஆகவே திருத்தியது:

“சேவையை நிறுத்துவது பற்றி வழங்குநர் கொடுக்கும் அறிவிப்பைப் பெற்ற தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் வாடிக்கையாளர் நிலுவைத் தொகையைச் செலுத்தத் தவறினால், வழங்குநர் தன் விருப்பப்படி பாதுகாப்பு வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்யலாம்.”

வாக்கியம் கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. ‘இன்’ ஒன்றுகூட இல்லை, வினைகள் எல்லாம் வினைகளாக இருக்கின்றன, நிபந்தனை நிபந்தனையாகவே இருக்கிறது. எளிய நடை என்றால் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நிபந்தனையும் அதன் விளைவும் ஒரே வாக்கியத்தில் இருப்பது பல நேரம் பாதுகாப்பானது. 1840களில் ஜார்ஜ் கூட் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் சட்ட வாக்கியத்தை நான்கு பாகமாகப் பிரித்தார்: எந்தச் சூழலில், என்ன நிபந்தனை நிறைவேறினால், யார், என்ன செய்யலாம் அல்லது செய்ய வேண்டும். தமிழின் இயல்பான வரிசையும் இதுவேதான், “-போது”, “-ஆல்” முன்னால் வந்து முற்றுவினை கடைசியில் வரும். அவிழ்த்த துண்டுகளை இந்த வரிசையில் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

“தேதியிலிருந்து 15 நாட்களுக்குள்” என்பதை நான் தொடவில்லை, கவனித்திருப்பீர்கள். 4ஆம் தேதி கடிதம் கிடைத்தால், அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் கடைசி நாள் 19, அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 18. எப்படி எண்ணுவது என்று ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ வேறு இடத்தில் இருக்கும். “19ஆம் தேதி முடிவதற்குள்” என்கிற மாதிரி விளக்கி எழுதினால் அந்த ஏற்பாட்டை நீங்கள் மீறியிருக்கக்கூடும்.

அப்புறம், உருபே இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் பெயர் அடுக்குகள். இவை ‘இன்’ சங்கிலியைவிட மோசம், ஏனென்றால் ‘இன்’ இருந்தால் இங்கே ஓர் உறவு இருக்கிறது என்றாவது தெரியும். “எழுத்துமூல ஒப்புதல் மறுப்பு அறிவிப்பு” என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருக்க வேண்டியது ஒப்புதலா, மறுப்பா, அறிவிப்பா? ஒப்புதல் மறுக்கப்பட்டதை வாய்மொழியாகச் சொன்னால் செல்லுமா? இதில் அடைமொழி எந்தப் பெயரோடு போகிறது என்று அடைப்புக்குறி போட்டுப் பாருங்கள். “எழுத்துமூல” என்பதை “அறிவிப்பு”க்கு அடையாக வைத்தால்: “ஒப்புதல் தர மறுப்பதை எழுத்துமூலமாகத் தெரிவிக்கும் அறிவிப்பு.” “ஒப்புதல்” என்பதற்கு வைத்தால்: “எழுத்துமூலம் தர வேண்டிய ஒப்புதலை மறுக்கும் அறிவிப்பு.” இரண்டும் வேறு வேறு. “பழைய கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தம்” என்பதிலும் இதே கதைதான், பழையது கட்டடமா ஒப்பந்தமா? நடுவில் ஒற்று மிகுந்திருப்பதை வைத்துத் தீர்மானிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒற்று இரண்டு சொற்கள் தொடராக நிற்பதைக் காட்டும், அடைமொழியின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதைக் காட்டாது.

இது வெறும் இலக்கண வம்பு இல்லை என்பதற்கு ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேர ஊதியம் எந்தெந்த வேலைக்குக் கிடையாது என்று சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று தொழிற்பெயர்களாகப் போய்க் கடைசியில், அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொட்டலம் கட்டுதல் என்றும் படிக்கலாம், அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல், தனியாக விநியோகம் என்றும் படிக்கலாம் என்கிற மாதிரி ஒரு தொடர். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் பாலை விநியோகிப்பவர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் இல்லை, ஆகவே முதல் வாசிப்பு சரியென்றால் அவர்களுக்குக் கூடுதல் ஊதியம் உண்டு. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொடர் இரு பொருள்படுகிறது என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஒரு காற்புள்ளி விடுபட்டதால் வந்த வழக்கு என்றுதான் எல்லாரும் பேசுவார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஓட்டுநர்கள் வைத்த வாதங்களில் இன்னொன்று, பட்டியலில் மற்றவை எல்லாம் “-தல்” போன்ற தொழிற்பெயராக இருக்கும்போது “விநியோகம்” மட்டும் வெறும் பெயராக நிற்கிறதே, அப்படியானால் அது பட்டியலின் உறுப்பு இல்லை என்பது. பிறகு சட்டத்தைத் திருத்தியபோது, பட்டியலின் உறுப்புகளை அரைப்புள்ளியால் பிரித்ததோடு அந்தப் பெயரையும் “விநியோகித்தல்” என்று தொழிற்பெயராக்கினார்கள். நமக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மேலே நான் இரண்டு வாசிப்புகளையும் தமிழில் எழுதியபோது “விநியோகத்துக்காகவோ” என்று உருபு போட்டே ஆக வேண்டியிருந்தது, தமிழ் உருபு அந்த மயக்கத்தை மறைக்க விடவில்லை. உருபுகளை உதிர்த்துவிட்டு அடுக்கினால் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்து இழந்துவிடுகிறோம்.

எல்லா அடுக்கையும் உடைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். நம் மாதிரியில் “பாதுகாப்பு வைப்புத் தொகை” மூன்று பெயர்கள் சேர்ந்த அடுக்குதான், ஆனால் வரையறைப் பிரிவில் அதற்குப் பொருள் சொல்லியிருந்தால் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். ஓரிடத்தில் “வைப்பு”, இன்னோரிடத்தில் “முன்பணம்”, வேறோரிடத்தில் “பாதுகாப்புத் தொகை” என்று எழுதினால் மூன்றும் வேறு வேறு தொகைகள் என்று வாதிட இடம் கிடைக்கும். ஒப்பந்தத்தில் சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கமான வாசிப்பு. நல்ல தமிழ் நடையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இங்கே மறந்துவிட வேண்டும். சட்டத்திலிருந்து அப்படியே எடுத்த சொற்களுக்கும் இதே விதி. அதனால் வேலையைத் தொடங்கும் முன் வரையறைப் பிரிவில் உள்ள சொற்களை எல்லாம் ஒரு வண்ணத்தில் குறித்துவிடுங்கள், வண்ணம் இருந்தால் கை வைக்கக்கூடாது. மீதியிருக்கும் அடுக்குகள்தான் உங்களுடையவை.

சரி, முடித்த பிறகு பொருள் மாறவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூலத்தையும் உங்கள் வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதாது, நீங்களே எழுதியதால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நான் செய்வது, சின்னச் சின்ன நிகழ்ச்சிகளைக் கற்பனை செய்து இரண்டையும் அவற்றின் மேல் ஓட்டிப் பார்ப்பது. அறிவிப்பு 1ஆம் தேதி அனுப்பி 4ஆம் தேதி கிடைத்தது, 18ஆம் தேதி பணம் வந்தது. 19ஆம் தேதி வந்தது. 19ஆம் தேதி பாதி வந்தது. கடிதம் யாரும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டது. வாடிக்கையாளரே சேவையை நிறுத்தச் சொன்னார். வழங்குநர் 20ஆம் தேதி ஒன்றும் செய்யவில்லை, மூன்று மாதம் கழித்துப் பறிமுதல் செய்கிறார். ஒவ்வொன்றிலும் மூலம் தரும் பதிலும் வரைவு தரும் பதிலும் ஒன்றா? மூலம் பதில் சொல்லாத இடத்தில் வரைவும் பதில் சொல்லாமல் இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்வியில்தான் நிறைய வரைவுகள் மாட்டும். என் முதல் வரைவை வைத்து, 17ஆம் தேதி சேவையில் குறை இருக்கிறதென்று சொல்லிப் பணத்தை நிறுத்திவைத்த ஒரு வாடிக்கையாளரைக் கற்பனை செய்து பார்த்தபோதுதான் “செலுத்த வேண்டும்” என்ற கடமை வெளியில் தெரிந்தது. முடிந்தால் ஒப்பந்தத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் மூலத்தையும் இன்னொருவரிடம் வரைவையும் கொடுத்து இதே நிகழ்ச்சிகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதச் சொல்லுங்கள், பதில்கள் பிரியும் இடத்தில் மாற்றம் இருக்கிறது.

கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்தம் என்றால் இவ்வளவும் வேறு மாதிரி. அதன் வாசகத்தை யாரும் தனியாகத் திருத்த முடியாது, இரு தரப்பும் சேர்ந்து திருத்த ஒப்பந்தம் போட வேண்டும். அப்படிப்பட்டதை எளிமையாக்கச் சொன்னால் மூலத்தை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் விளக்கம் எழுதுங்கள், முரண்பட்டால் மூல வாசகமே செல்லும் என்று மேலே போட்டுவிடுங்கள். இன்னும் கையெழுத்தாகாதது என்றால், சந்தேகமான இடங்களை ஒப்பந்தம் எழுதிய வழக்கறிஞருக்குக் கேள்வியாக அனுப்புங்கள். “இந்த வாக்கியம் புரியவில்லை” என்று அனுப்பினால் பதிலும் அதே ‘இன்’களோடு வரும். இரண்டு வாசிப்பையும் எளிய தமிழில் முழு வாக்கியங்களாக எழுதி, “அ-வா, ஆ-வா?” என்று கேளுங்கள். நம் மாதிரிக்கு நான் அனுப்பக்கூடிய கேள்விகள் மூன்றுதான்: அறிவிப்பைக் கொடுப்பவர் வழங்குநர் மட்டும்தானா, பாதி செலுத்தினாலும் தவறியதாகக் கொள்ள வேண்டுமா, பறிமுதல் என்பது முழு வைப்புத் தொகையா அல்லது பாக்கி அளவுக்கு மட்டுமா. மூன்றாவதற்குப் பதில் “பாக்கி அளவுக்கு மட்டும்” என்று வந்தால் “பறிமுதல்” என்ற சொல்லை மாற்றச் சொல்லி அவரிடமே கேளுங்கள், அந்த மாற்றம் அவர் கையால்தான் வர வேண்டும்.